PV = nRT-ல விடை ஒத்து வரலையா? எத்தனை மடங்கு தப்புன்னு முதல்ல பாருங்க

நல்லியல்பு வாயு சமன்பாட்டுல விடை தப்பா வந்துச்சுன்னா முக்காவாசி பேர் பண்றது என்னன்னா, கணக்கை முழுசா அழிச்சுட்டு மறுபடி முதல்லேருந்து போடுறது. மறுபடியும் அதே தப்போட அதே விடை வரும். அப்படி பண்ணாதீங்க, தப்பு விடையை அழிக்கவே அழிக்காதீங்க, அது சரியான விடையை விட எத்தனை மடங்கு கூட இல்ல கம்மின்னு பாத்தீங்கன்னா எந்த யூனிட்டை மாத்தாம விட்டீங்கன்னு அந்த மடங்கே சொல்லிடும்.

கீழ எல்லா இடத்துலயும் ஒரே கணக்கைத்தான் வெச்சு சொல்றேன். 10 லிட்டர் சிலிண்டர், உள்ள நைட்ரஜன், மேல இருக்கிற கேஜ் 2.5 bar காட்டுது, வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், இடம் கடல் மட்டத்துக்கு பக்கத்துல. உள்ள எத்தனை மோல் இருக்கு?

```
P = 2.5 + 1.013 = 3.513 bar = 351300 Pa
V = 10 L = 0.010 m³
T = 27 + 273.15 = 300.15 K
n = (351300 × 0.010) / (8.314 × 300.15) = 1.41 mol
```

"சரியான விடை என்னன்னு தெரிஞ்சாதானே மடங்கு பாக்க முடியும், அதுதானே தெரியல"ன்னு கேப்பீங்க. அதுக்கு ஒரு குத்துமதிப்பு இருக்கு: அறை வெப்பநிலையில, 1 பார்ல, எந்த வாயுவா இருந்தாலும் ஒரு மோல் சுமாரா 25 லிட்டர் இடம் பிடிக்கும். நம்ம சிலிண்டர்ல 10 லிட்டர், மூணரை பார், அதாவது 1 பார்ல 35 லிட்டருக்கு சமம், 25-ஆல வகுத்தா 1.4. மனசுலயே போட்டுடலாம். இதை முதல்ல ஒரு ஓரமா எழுதி வெச்சுக்கங்க, அப்புறம் உங்க விடையை இதோட ஒப்பிடுங்க.

## அறிகுறி 1: விடை 100, 1000, 1 லட்சம் மாதிரி மடங்குல தப்பா இருக்கு

இலக்கமெல்லாம் சரியா இருக்கும், 1408-னு வரும், இல்லேன்னா 0.0141-னு வரும், புள்ளி மட்டும் இடம் மாறி நிக்கும். இது அழுத்தம் இல்லேன்னா கனஅளவு பிரச்சினை, வெப்பநிலைக்கு இதுல சம்பந்தமே இல்ல, அந்தப் பக்கம் நேரத்தை வீணடிக்காதீங்க.

1000 மடங்கு கூட (1408 மோல்). அழுத்தத்தை ஒழுங்கா பாஸ்கல் ஆக்கிட்டு லிட்டரை அப்படியே 10-னு விட்டுட்டீங்க. ரொம்ப சாதாரணமா நடக்கிறது இதுதான், ஏன்னா எல்லாரும் "கெல்வின், பாஸ்கல்"னு மட்டும் ஞாபகம் வெச்சிருப்பாங்க, பாஸ்கல் போட்டா கூடவே கன மீட்டரும் போடணும்ங்கிறது விட்டுப்போயிடும்.

1 லட்சம் மடங்கு கம்மி (0.0000141). பாரை பாஸ்கல் ஆக்கல, 3.513-ஐயே போட்டிருக்கீங்க.

100 மடங்கு கம்மி (0.0141). பாரும் மாத்தல, லிட்டரும் மாத்தல. ரெண்டு தப்பும் சேந்து பாதி அடிபட்டு 100-ல வந்து நிக்கும். இதுவே சுத்தமா 100 இல்லாம 101-ஐ ஒட்டி வந்தா அழுத்தம் அட்மாஸ்பியர்ல இருந்திருக்கு.

101 மடங்கு கூட (142.6). இது தலைகீழ். யூனிட்டெல்லாம் பாஸ்கல், கன மீட்டர்னு அழகா மாத்திட்டு R-க்கு மட்டும் பழைய பழக்கத்துல 0.08206 போட்டிருக்கீங்க. அது லிட்டர்-அட்மாஸ்பியருக்கான R. பாஸ்கலுக்கு 8.314 மட்டும்தான்.

இதுல ஒரு சின்ன குழப்பம் வரும், சொல்லிடறேன். கிலோபாஸ்கலையும் லிட்டரையும் அப்படியே போட்டா, 351.3 × 10, 8.314 வெச்சே சரியான விடை வந்துடும். பக்கத்துல ஒருத்தர் எதையுமே மாத்தாம சரியா போட்டுட்டாரேன்னு முழிக்காதீங்க. பாஸ்கலுக்கு ஒரு ஆயிரம், கன மீட்டருக்கு ஒரு ஆயிரம், ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், அவ்ளோதான், அது முறையான வழிதான். ஆனா கிலோபாஸ்கலோட கன மீட்டர் போட்டா 1000 மடங்கு கம்மியாகிடும்.

90,000 மடங்கு கூட (1,26,800 மாதிரி ஒரு எண்). அவசரத்துல பாத்தா லட்சம் மடங்குன்னு தோணும், பாஸ்கலை ரெண்டு தடவை மாத்திட்டோமோன்னு தேட ஆரம்பிச்சுடுவீங்க. இலக்கத்தைப் பாருங்க, 1.41 இல்ல, 1.27 இருக்கு. அது யூனிட் தப்பே இல்ல, கால்குலேட்டர்ல `3513 / 8.314 * 300.15`-னு தட்டியிருக்கீங்க, அது வெப்பநிலையால வகுக்கறதுக்கு பதிலா பெருக்கிடுச்சு. கீழ இருக்கிற ரெண்டையும் அடைப்புக்குறிக்குள்ள போடுங்க.

## அறிகுறி 2: மடங்கு ஒரு ஒழுங்கில்லாத எண், இல்லேன்னா விடை மைனஸ்ல வருது

விடை மைனஸ், இல்லேன்னா ஸ்க்ரீன்ல எரர். வேற எதையும் பாக்க வேணாம், செல்சியஸை அப்படியே போட்டிருக்கீங்க. மைனஸ் 5 டிகிரின்னா மைனஸ் மோல் வரும், 0 டிகிரின்னா பூஜ்யத்தால வகுக்கச் சொல்லும். எக்செல்ல இது `#DIV/0!`-னு நிக்கும். இந்தத் தப்பு இப்படி வெளிப்படையா வந்தா உங்க அதிர்ஷ்டம்.

11 மடங்கு கூட (15.65 மோல்). இதுவும் அதேதான், 300.15-க்கு பதிலா 27. ஆனா எண் பாக்க நியாயமா இருக்கிறதால நிறைய பேர் கண்டுக்காம போயிடறாங்க, சிலிண்டர்ல 15 மோல் இருந்தா என்ன தப்புன்னு தோணும். குத்துமதிப்பு 1.4-னு முன்னாடியே எழுதி வெச்சிருந்தா இங்க மாட்டும்.

சந்தேகமா இருந்தா ஒரு செக் பண்ணுங்க. வெப்பநிலையை மட்டும் 27-லேருந்து 100-க்கு மாத்தி, அழுத்தத்தையும் கனஅளவையும் அப்படியே வெச்சு மறுபடி போடுங்க. நிஜத்துல மோல் 1.41-லேருந்து 1.13-க்கு மட்டும்தான் இறங்கணும், கால்வாசி கூட குறையக்கூடாது. உங்க விடை நாலுல ஒரு பங்கா சரிஞ்சா ஃபார்முலாக்குள்ள செல்சியஸ்தான் போயிட்டிருக்கு. இந்த செக் ஏன் வேலை செய்யுதுன்னா, பாரை பாஸ்கல் ஆக்குறது வெறும் பெருக்கல், அந்தத் தப்பு எப்பவும் ஒரே மடங்குலதான் இருக்கும், ஆனா செல்சியஸை கெல்வின் ஆக்குறது கூட்டல், அதனால அந்தத் தப்போட மடங்கு வெப்பநிலைக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிட்டே இருக்கும். 27 டிகிரில 11 மடங்கு, 10 டிகிரில 28 மடங்கு, 100 டிகிரில நாலு மடங்குக்கும் கொஞ்சம் கம்மி.

5 மடங்கு கூட (7.06 மோல்). இது ரொம்ப கடுப்பேத்தற கேஸ், ஏன்னா 273.15 கூட்டியிருப்பீங்க, ஷீட்ல கண்ணு முன்னாடியே தெரியும், இருந்தும் விடை தப்பு. அடைப்புக்குறியைப் பாருங்க. `8.314*D2+273.15`-னு இருந்தா எக்செல் முதல்ல 8.314-ஐயும் 27-ஐயும் பெருக்கி 224.478 எடுத்து, அதுக்கப்புறம் 273.15-ஐ கூட்டுது. இப்படி இருக்கணும்:

```
=(B2+1.013)*100000*(C2/1000)/(8.314*(D2+273.15))
```

B2-ல கேஜ் பார், C2-ல லிட்டர், D2-ல செல்சியஸ். 2.5, 10, 27 போட்டு 1.41 வந்தா ஷீட் சரி. என்னைக் கேட்டா இப்படி ஒரே செல்லுக்குள்ள எல்லாத்தையும் திணிக்கிறதை விட பாஸ்கலுக்கு ஒரு நெடுவரிசை, கன மீட்டருக்கு ஒண்ணு, கெல்வினுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வெச்சுடுங்க, எங்க தப்புன்னு கண்ணாலயே தெரியும்.

15 சதவீதம் கம்மி. தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்டான்னு பாருங்க. 80 டிகிரி ஃபாரன்ஹீட்ல நேரா 273.15 கூட்டினா 353.15 வரும், ஆனா நிஜமா அது 299.8 கெல்வின். முதல்ல 32 கழிச்சு, 5-ஆல பெருக்கி 9-ஆல வகுத்து, அதுக்கப்புறம்தான் 273.15.

## அறிகுறி 3: கெல்வினும் சரி பாஸ்கலும் சரி, ஆனா விடை கால்வாசி, பாதின்னு கம்மியா வருது

நம்ம கணக்குல 1.41-க்கு பதிலா 1.00 வந்தா இந்த கேஸ். 2.5 பாரை 2,50,000 பாஸ்கல்னு மாத்தியிருப்பீங்க, மாத்தினது தப்பில்ல, மாத்தின எண்தான் தப்பு. கேஜ் காட்டுறது உள்ள இருக்கிற முழு அழுத்தம் இல்ல, வெளிய இருக்கிற காத்தை விட எவ்ளோ கூடன்னுதான் காட்டும். அதனாலதான் வால்வைத் திறந்து எல்லாத்தையும் வெளிய விட்ட அப்புறமும் கேஜ் 0 காட்டுது, உள்ள ஒண்ணுமே இல்லாம போயிடல, வெளிய இருக்கிற அதே 1 பார் உள்ளயும் இருக்கு. சமன்பாட்டுக்கு அந்த முழு அழுத்தம்தான் வேணும்.

செக் பண்ண சுலபமான வழி, கேஜ் எதோடயும் சேராம வெறும் வெளிக்காத்துல இருக்கும்போது என்ன காட்டுதுன்னு பாருங்க. 0 காட்டினா அது கேஜ் அழுத்தம், வெளிக்காத்து அழுத்தத்தை நீங்கதான் கூட்டணும். ஒண்ணை ஒட்டி, அதாவது 1.01 பார், 101 கிலோபாஸ்கல் மாதிரி காட்டினா அது முழு அழுத்தத்தையே அளக்குது, எதையும் கூட்டாதீங்க. டயல்லயும் டேட்டா ஷீட்லயும் `barg`, `psig`-னு கடைசில g இருந்தா கூட்டணும், `bara`, `psia`-னு a இருந்தா கூட்டக்கூடாது. ஒண்ணுமே போடாம வெறும் `bar`-னு இருந்தா அழுத்தம் இல்லாதப்போ முள் எங்க நிக்குதுன்னு பாத்துதான் முடிவு பண்ணணும்.

அழுத்தம் கம்மியா இருக்க இருக்க இந்தத் தப்பு பெருசா தெரியும். கேஜ் 100 பார் காட்டுற சிலிண்டர்ல 1 பாரை விட்டா 1 சதவீதம்தான், கேஜ் 1 பார் காட்டினா பாதி வாயுவே கணக்குல காணாம போயிடும்.

கூட்ட வேண்டிய வரிசை முக்கியம்: 1.013-ஐ பார்லயே கூட்டிட்டு பாஸ்கல் ஆக்கலாம், இல்லேன்னா பாஸ்கல் ஆக்கிட்டு 101325 கூட்டலாம், 2.5-ஓட 101325-ஐ கூட்டிடாதீங்க. டயல் psi-ல இருந்தா ஒரு psi-க்கு 6895 பாஸ்கல், `kg/cm²`-ல இருந்தா ஒண்ணுக்கு 98067 பாஸ்கல்.

மலைமேல இருக்கிறவங்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம். 1.013 கடல் மட்டத்துக்கானது, 2000 மீட்டர் உயரத்துல வெளிக்காத்து சுமார் 0.795 பார்தான். நம்ம சிலிண்டர் அங்க இருந்து அதே 2.5 காட்டினா முழு அழுத்தம் 3.295, சும்மா 1.013 கூட்டினா விடை ஆறேழு சதவீதம் கூடிடும். வானிலை அறிக்கையில வர்ற அழுத்தத்தை எடுக்காதீங்க, அது பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு திருத்தி எழுதினது. அந்த இடத்துலயே பாரோமீட்டர் வெச்சுப் பாருங்க.

## அறிகுறி 4: சூடு ஏத்தினா அழுத்தம் நம்பவே முடியாத அளவுக்கு ஏறுது

மூடின தொட்டி, 20 டிகிரில கேஜ் 2 பார், 40 டிகிரிக்கு சூடாக்கினா என்ன காட்டும்? "20 ரெண்டு மடங்காகி 40, அதனால 4 பார்"னு வந்தா செல்சியஸை விகிதத்துல போட்டிருக்கீங்க. 293.15-லேருந்து 313.15-க்கு போறது 6.8 சதவீதம்தான்.

"விகிதத்துல யூனிட் அடிபட்டுடுமே, எதுக்கு மாத்தணும்"னு ஒரு வாதம் எப்பவும் வரும். அழுத்தத்துக்கு அது பாதி உண்மை, பார்லயே வெச்சுக்கலாம், பாஸ்கல் ஆக்க வேணாம். ஆனா கேஜ் எண்ணை அப்படியே போடக்கூடாது, முழு அழுத்தமா இருக்கணும், அதே மாதிரி வெப்பநிலை கெல்வினாதான் இருக்கணும், ஏன்னா யூனிட் அடிபடும், பூஜ்யம் எங்க ஆரம்பிக்குதுங்கிறது அடிபடாது.

```
P2 = (2 + 1.013) × 313.15 / 293.15 = 3.219 bar
கேஜ் காட்டுறது = 3.219 − 1.013 = 2.21 bar
```

2.14 வந்துச்சுன்னா கெல்வின் சரியா போட்டு 1.013-ஐ மறந்திருக்கீங்க.

இதோட எதிர்த் தப்பு ஒண்ணு இருக்கு, கெல்வினைப் பத்தி ரொம்ப ஜாக்கிரதையா இருக்கிறவங்கதான் இதுல மாட்டுறது. "வெப்பநிலை 15 டிகிரி ஏறினா அழுத்தம் எவ்ளோ ஏறும்"னு கேள்வி, இவங்க 15-லயும் 273.15-ஐ கூட்டி 288.15 போட்டுடுவாங்க. நம்ம நைட்ரஜன் சிலிண்டர்ல அழுத்தம் 3.4 பார் ஏறும்னு விடை வரும், நிஜமா ஏறுறது 0.18 பார்கூட இல்ல. ஏறின அளவு 15 செல்சியஸா இருந்தாலும் கெல்வினா இருந்தாலும் 15தான், வித்தியாசத்துல எதையும் கூட்டக்கூடாது. கேள்வில "ஏறினா", "குறைஞ்சா", "வித்தியாசம்"னு வார்த்தை இருந்தா நின்னு யோசிங்க.

## அறிகுறி 5: ஒரு சதவீதம், ஒண்ணரை சதவீதம் இடிக்குது

1.3 சதவீதம்னா அட்மாஸ்பியரையும் பாரையும் ஒண்ணா நினைச்சிருக்கீங்க. அட்மாஸ்பியர் 101325 பாஸ்கல், பார் 100000. ஒரு மோல் 22.4 லிட்டரா 22.7 லிட்டரான்னு புத்தகத்துக்கு புத்தகம் மாறுறதும் இதனாலதான், 0 டிகிரில 1 அட்மாஸ்பியர்னா 22.41, 1 பார்னா 22.71. 1982-ல IUPAC-ங்கிற உலக வேதியியல் அமைப்பு திட்ட அழுத்தத்தை பாருக்கு மாத்திடுச்சு, பழைய எண் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. கேள்வில எது சொல்லியிருக்கோ அதை எடுங்க.

273-ஆ 273.15-ஆன்னு சண்டை போடறவங்களுக்கு: அறை வெப்பநிலையில வித்தியாசம் 0.05 சதவீதம். உங்க டயல் கேஜோட பிழை அதை விட பல மடங்கு பெருசு.

## அறிகுறி 6: எல்லாம் சரியா மாத்தியாச்சு, ஆனா நிஜ அளவோட ஒத்துப்போகல

இங்கேருந்து செலவு ஆரம்பிக்குது, அதனால செலவில்லாததை முதல்ல பாத்துடுங்க.

வாயுவை தண்ணிக்கு மேல சேகரிச்சீங்களா? அப்போ உள்ள நீராவியும் இருக்கு. 25 டிகிரில அதோட அழுத்தம் 3169 பாஸ்கல், மொத்த அழுத்தத்துலேருந்து அதை கழிச்சுட்டு போடுங்க. வெளி அழுத்தம் ஒரு அட்மாஸ்பியர்னா மூணு சதவீத வித்தியாசம் இதுலயே தீந்துடும்.

வெப்பநிலையை எங்க அளந்தீங்க? அப்பத்தான் நிரப்பின சிலிண்டர் உள்ள சூடா இருக்கும், அறையோட தெர்மாமீட்டர் அதை சொல்லாது. நல்லா ஆறி, கேஜ் முள் நகராம நின்னதுக்கப்புறம் மறுபடி எடுங்க.

அடுத்து, உள்ள இருக்கிறது முழுக்க வாயுதானா? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்லயும் எல்பிஜி சிலிண்டர்லயும் இந்தச் சமன்பாடு வேலைக்கே ஆகாது, உள்ள பெரும்பகுதி திரவம். 20 டிகிரில கார்பன் டை ஆக்சைடு கேஜ் சுமார் 56 பாரை ஒட்டி நிக்கும், திரவம் தீர்ற வரைக்கும் கிட்டத்தட்ட அங்கேயே நிக்கும், பாதி காலியானாலும் அதேதான். எந்த யூனிட் மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல, தராசுல வெச்சு எடை போட்டு காலி சிலிண்டர் எடையை கழிங்க, அது ஒண்ணுதான் வழி.

வாயுதான், ஆனா அழுத்தம் ரொம்ப அதிகம்னா நல்லியல்பு கணக்கு தானாவே விலக ஆரம்பிக்கும், எவ்ளோ விலகுதுன்னு சொல்ற அமுக்கத்திறன் காரணியை அந்த வாயுவோட அட்டவணையில பாத்து சேக்கணும். வெறும் படிப்புக் கணக்கா இல்லாம நிஜமா ஒரு தொட்டிக்கோ சிலிண்டருக்கோ இதை வெச்சு முடிவெடுக்கப் போறீங்கன்னா நீங்களே போடாம பிராசஸ் இன்ஜினியர் கிட்ட குடுத்துடுங்க.

கடைசியா கேஜ். அழுத்தமே இல்லாதப்போ முள் 0-ல நிக்கலேன்னா, இல்லேன்னா ஒரே இடத்துல ரெண்டு கேஜ் ரெண்டு விதமா காட்டினா, காலிபரேஷன் பண்றவங்ககிட்ட குடுக்கணும். முள்ளை வளைச்சு 0-க்கு கொண்டுவந்தா 0-ல மட்டும்தான் சரியா இருக்கும், மேல போகப் போக எவ்ளோ தப்புன்னு யாருக்கும் தெரியாது. சிலிண்டர் மேல இருக்கிற கேஜை அழுத்தம் உள்ள இருக்கும்போது கழட்டவே கழட்டாதீங்க, அதை அந்த சிலிண்டரை நிரப்பித் தர்றவங்களே செய்யட்டும்.